அறுப்புக்குப் போகணும் என்று மாஸ்டரிடம் எப்படிச் சொல்வது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பைக் பட்டறையில் வேலை கற்க வருகிறவர்களில் நிறைய பேருக்கு வீட்டில் வயல் இருக்கிறது. கதிர் பழுக்க ஆரம்பித்ததும் அவர்களுக்கு ஒரே மாதிரியான சந்தேகங்கள் வருகின்றன. அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். பட்டறையில் பிள்ளைகளுக்கு வேலை சொல்லிக் கொடுப்பவன் என்ற முறையில், மாஸ்டர் பக்கத்திலிருந்து இந்த விஷயம் எப்படித் தெரியும் என்பதையும் சொல்கிறேன்.

நெல் வயலையும் பைக் இன்ஜினையும் வைத்தே எழுதியிருக்கிறேன். உங்கள் வீட்டில் வேறு பயிர் என்றால் நாள் கணக்கு மாறும். தச்சுப் பட்டறை, லேத் பட்டறை என்றால் கையிலிருக்கும் வேலையை ஒப்படைக்கும் விதம் மாறும்.

அறுப்புக்கு லீவு வேணும்னு எத்தனை நாள் முன்னாடி சொல்லணும்?

ஒரே தடவையில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை இது. மூன்று தடவை சொல்லுங்கள். வயலில் கதிர் பூத்ததும் முதல் தடவை. அறுப்புக்காகத் தண்ணீரை வடித்த அன்று இரண்டாவது தடவை. அறுப்பு மெஷின்காரர் நாள் சொன்னதும் மூன்றாவது தடவை. முதல் தடவை சொல்லும்போது ஏறக்குறைய ஒரு மாதம் கையில் இருக்கும். இரண்டாவதில் ஒரு வாரம், பத்து நாள் இருக்கும். மூன்றாவதில் ஒரு நாள் இருந்தாலே பெரிது.

மாஸ்டருக்கு உங்கள் லீவைவிடப் பெரிய கவலை, அந்த நாட்களில் வண்டிக்காரர்களுக்கு என்ன வாக்குக் கொடுப்பது என்பதுதான். 'ஏழாம் தேதிக்கு மேல் இவன் இருக்கமாட்டான்' என்று முன்பே தெரிந்தால், ஆறாம் தேதி வருகிற வண்டியின் இன்ஜினை உங்களிடம் பிரிக்கக் கொடுக்கமாட்டார். தெரியாவிட்டால் கொடுத்துவிடுவார். அப்புறம் அந்த வண்டி பிரித்த நிலையில் கிடக்கும், வண்டிக்காரர் தினமும் வந்து நிற்பார். கோபம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

எங்களுக்கே அறுப்பு என்னைக்குன்னு தெரியாது. தெரியாத தேதியை எப்படிச் சொல்றது?

தேதி தெரியாது, சரி. ஆனால் எந்த வாரம் என்பது தெரியும். நெல் பூத்ததிலிருந்து சுமார் 30 நாளில் அறுப்புக்கு வரும். ரகத்தையும் வெயிலையும் பொறுத்து சில நாள் முன்பின் ஆகும். வயலில் பாதிக்கு மேல் பூ வந்தது 10ஆம் தேதி என்று வையுங்கள். அடுத்த மாதம் 10ஆம் தேதியை ஒட்டித்தான் அறுப்பு. 'ஏழிலிருந்து பதினாலுக்குள்' என்று தைரியமாகச் சொல்லலாம். வீட்டில் அப்பாவிடம் 'எப்ப பூத்தது' என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும்.

அந்த ஒரு வாரத்துக்குள் எந்த நாள் என்பது பெரும்பாலும் உங்கள் கையில் இல்லை. மெஷின் ஒரு பக்கத்திலிருந்து வரிசையாக வயல்களை அறுத்துக்கொண்டே வரும். உங்கள் வயலுக்கு முந்தைய வயல் ஈரமாக இருந்தால் அங்கே தாமதமாகும், அல்லது அதை விட்டுவிட்டு உங்கள் வயலுக்கு முன்னதாகவே வந்துவிடும். இதையும் மாஸ்டரிடம் சொல்லிவிடுங்கள். 'எப்ப வேணும்னாலும் போவேன்' என்று சொன்னால் அலட்சியமாகப் படும். 'மெஷின் வரிசையைப் பொறுத்து ஏழிலிருந்து பதினாலுக்குள் ஒரு நாள்' என்று சொன்னால் விஷயம் தெரிந்து பேசுகிறான் என்று படும்.

நேர்ல சொல்லணுமா? போன்ல மெசேஜ் போட்டா போதாதா?

முதல் தடவை கண்டிப்பாக நேரில். சாயங்காலம் கருவிகளைத் துடைத்து எடுத்து வைத்த பிறகு, கடைசி வண்டிக்காரரும் போன பிறகு சொல்லுங்கள். காலையில் வண்டிகள் வரிசையாக நிற்கும்போதோ, மாஸ்டர் காதை வைத்து இன்ஜின் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்போதோ சொன்னால், தலையாட்டுவார். மனதில் நிற்காது.

நீட்டி முழக்க வேண்டியதில்லை. 'மாஸ்டர், வீட்ல நெல்லு பூத்துருச்சு. அடுத்த மாசம் ஏழுலேர்ந்து பதினாலுக்குள்ள அறுப்பு வரும். அறுக்கிற அன்னைக்கு முழு நாள் வேணும். அப்புறம் காயவைக்கிற ரெண்டு மூணு நாள் கொஞ்சம் சீக்கிரம் கிளம்பணும். அந்த வாரம் எனக்குப் பெரிய வேலை கொடுக்காம இருந்தா நல்லது.' இவ்வளவுதான். இரண்டாவது, மூன்றாவது தடவைக்கு மெசேஜ் போதும். தேதி எழுத்தில் இருப்பது இரண்டு பேருக்கும் நல்லது.

மெஷின்தானே அறுக்குது, உனக்கு அங்க என்ன வேலைன்னு மாஸ்டர் கேக்குறார். என்ன சொல்றது?

நியாயமான கேள்விதான், கோபப்படாதீர்கள். வயலோடு பழக்கமில்லாத மாஸ்டருக்கு மெஷின் வந்து போனதோடு அறுப்பு முடிந்த மாதிரி தெரியும். உண்மையில் ஆள் அதிகம் வேண்டியது அதற்கு அப்புறம்தான். அறுக்கிற சமயத்தில் நெல்லில் 20 முதல் 25 சதவீதம் வரை ஈரம் இருக்கும். சேமித்து வைக்க அது 14 சதவீதத்துக்கு இறங்க வேண்டும். ஈர நெல்லைக் குவியலாக அப்படியே விட்டால் ஒரு நாளுக்குள் உள்ளே சூடேறும். கையைக் குவியலுக்குள் விட்டால் வெதுவெதுப்பு தெரியும், புளித்த வாடை வரும். அப்புறம் மணி நிறம் மங்கும், முளையும் விடலாம்.

அதனால் அறுத்த நெல்லை உடனே களத்துக்குக் கொண்டுபோய், விரல் கனத்துக்கு மெல்லிசாகப் பரப்பி, அரை மணிக்கு ஒரு தடவையாவது கிளறிவிட வேண்டும். வெயில் இறங்குமுன் கூட்டிக் குவித்துப் படுதா போட்டு மூட வேண்டும். காய்ந்த மணி மறுபடி பனியில் நனைந்தால் உள்ளே விரிசல் விடும், அரைக்கும்போது நொறுங்கும். மறுநாள் பனி போனதும் மறுபடி பரப்ப வேண்டும். நல்ல வெயில் அடித்தால் இரண்டு நாள், மூட்டம் போட்டால் அதற்கு மேலும் இது நடக்கும். வானம் இருட்டினால் ஓட்டமாக ஓடி அள்ள வேண்டியது வரும். கிளறுவது வயதானவர்களும் செய்கிற வேலை. மூட்டை தூக்குவதும், சாயங்காலம் குவிப்பதும், படுதா இழுப்பதும் இளவட்டங்கள் வேலை.

இதை மாஸ்டரிடம் இப்படி விவரமாகச் சொன்னால், அவரே எந்த நேரத்துக்கு நீங்கள் அங்கே தேவை என்று கணக்குப் போடுவார்.

அப்போ நான் எத்தனை நாள் கேக்குறது? ஒரு வாரம் கேட்டா அதிகமா?

ஒரே கட்டாக ஒரு வாரம் கேட்பதைவிடப் பிரித்துக் கேளுங்கள். அறுக்கிற நாள் முழுதாக வேண்டும், அதில் சந்தேகமே இல்லை. காலையில் பனி காய்ந்த பிறகுதான் மெஷின் இறங்கும், முடிந்து நெல் களத்துக்கு வந்துசேர இருட்டிவிடும். அதற்கடுத்த நாட்களில், மேலே சொன்ன மாதிரி, உங்கள் கை கட்டாயம் வேண்டியது பரப்புகிற காலை நேரமும் குவிக்கிற சாயங்கால நேரமும்தான்.

பட்டறையிலிருந்து வீடு பக்கம் என்றால் காலையில் பரப்பிவிட்டு பத்து மணிக்கு வந்து, மூன்று மணிக்குக் கிளம்ப அனுமதி கேட்கலாம். அந்த ஐந்து மணி நேரத்தில் ஆயில் மாற்றுவது, பிரேக் ஷூ மாற்றுவது, செயின் இறுக்குவது போன்ற அன்றைக்கே முடிகிற வேலைகளைச் செய்யலாம். வீடு தூரம் என்றால் இது சரிப்படாது. அப்போது நாலு நாள் முழுசாகக் கேளுங்கள், மூட்டை கட்டும் நாள் அதில் சேர்த்தி. போக வரவே பாதி நாள் போய்விட்டால் வயலுக்கும் லாபமில்லை, பட்டறைக்கும் லாபமில்லை.

உடம்பு சரியில்லைன்னு சொல்லிட்டுப் போனா பிரச்சனையே இல்லையே?

மூன்றாம் நாள் வெயிலில் கறுத்த முகத்தோடும், நெல்லுச் சுணை பட்டுத் தடித்த கழுத்தோடும் வந்து நிற்பீர்கள். மாஸ்டருக்குக் கண் இருக்கிறது.

அதைவிடப் பெரிய நஷ்டம் வேறு. காய்ச்சல் என்றால் நாளைக்கே வரக்கூடும் என்று நினைத்து உங்கள் வேலையை அப்படியே வைத்திருப்பார். அறுப்பு என்றால் நாலு நாள் ஆகும் என்று தெரிந்து வேறு ஆளிடம் கொடுப்பார். பொய் சொன்னால் வண்டிக்காரர்தான் சும்மா காத்திருப்பார்.

பாதி கழட்டின இன்ஜின் என் மேஜையில இருக்கு. நாளைக்கு மெஷின் வருதுன்னு இப்பதான் அப்பா போன் பண்ணார். என்ன பண்றது?

முதலில் மாஸ்டரிடம் சொல்லுங்கள். அப்புறம் ஒரு மணி நேரம் இருந்து, அந்த இன்ஜினை வேறொருவர் எடுத்துத் தொடரக்கூடிய நிலைக்குக் கொண்டுவந்துவிட்டுக் கிளம்புங்கள். அவசர அவசரமாகப் பூட்டிவிட்டுப் போக நினைக்காதீர்கள். பாதி இறுக்கிய ஹெட், கழற்றிப் போட்ட ஹெட்டைவிட ஆபத்தானது. பார்க்க முடிந்த வேலை மாதிரி இருக்கும்.

சிலிண்டர் ஹெட்டும் சிலிண்டரும் கழற்றி, பிஸ்டன் வெளியே தெரிகிற நிலையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கீழே திறந்திருக்கும் வாயைச் சுத்தமான, நூல் பிரியாத துணியால் அடையுங்கள். ஒரு சின்ன லாக் உள்ளே விழுந்தால் மொத்த இன்ஜினையும் பிரிக்க வேண்டியிருக்கும். டைமிங் செயினை ஒரு கம்பியால் மேலே கட்டி வையுங்கள், உள்ளே நழுவ விடாதீர்கள். சிலிண்டரின் உள் சுவரை துடைத்து, துரு பிடிக்காமல் இன்ஜின் ஆயிலை விரலால் மெல்லிசாகத் தடவிக் காகிதம் சுற்றி வையுங்கள். ஹெட் போல்ட்டுகளைக் கிண்ணத்தில் கொட்டாதீர்கள். அட்டையில் ஹெட்டின் வடிவத்தை வரைந்து, எந்த இடத்து போல்ட்டோ அந்த இடத்தில் ஓட்டை போட்டுக் குத்தி வையுங்கள். நீளம் மாறுகிற போல்ட் ஒன்றிரண்டு இருக்கும். அதை இடம் மாற்றிப் போட்டு முறுக்கினால் மரை போகும். வால்வுகளைக் கழற்றியிருந்தால் இன்லெட் எது, எக்ஸாஸ்ட் எது என்று தனித்தனிப் பையில் போடுங்கள்.

கடைசியாக, ஆயில் வடித்திருந்தால் அதை ஒரு சீட்டில் எழுதிச் சாவியிலேயே கட்டித் தொங்கவிடுங்கள்: 'ஆயில் இல்லை, ஸ்டார்ட் செய்யாதே'. மேஜையில் வைத்த சீட்டு காற்றில் பறக்கும். சாவியில் கட்டியது வண்டியைத் தொடுகிறவர் கண்ணில் பட்டே தீரும்.

சீட்டு எழுதி வைக்கணும்னு சொல்றாங்க. அதுல என்ன எழுதறது?

மூன்று விஷயம் போதும். என்ன முடிந்தது, எங்கே நிற்கிறது, என்ன வர வேண்டும். மேலே சொன்ன இன்ஜினுக்கு இப்படி இருக்கலாம்:

'ஹெட், சிலிண்டர் கழற்றியாச்சு. பிஸ்டனில் புது ரிங் போட்டாச்சு, மூணு வாயும் தள்ளித் தள்ளி இருக்கு. கேஸ்கெட் வரலை, பழசைப் போட வேண்டாம். எக்ஸாஸ்ட் வால்வு உட்காருற இடம் இன்னும் பார்க்கலை. போல்ட் அட்டையில். ஆயில் வடித்தது.'

இதில் முக்கியமான வரி 'இன்னும் பார்க்கலை' என்பதுதான். செய்ததை எல்லோரும் எழுதுவார்கள். செய்யாததை எழுதினால்தான் அடுத்தவர் நம்பி எடுப்பார். எதையாவது கையால் மட்டும் முடுக்கி வைத்திருந்தால் அதை அவசியம் எழுதுங்கள். முடிந்தால் அந்த போல்ட் தலையில் சாக்பீஸால் ஒரு கோடும் போடுங்கள்.

மழை வந்து அறுப்பு தள்ளிப் போச்சு. ஏற்கெனவே லீவு எடுத்துட்டேன். மறுபடியும் கேக்க கூச்சமா இருக்கு.

கூச்சத்தில் வீட்டிலேயே உட்கார்ந்துவிடாதீர்கள், அதுதான் தப்பாகப் போகும். மழை பெய்த அன்றே மாஸ்டருக்குச் சொல்லிவிட்டு மறுநாள் காலை பட்டறைக்கு வந்துவிடுங்கள். வயல் ஈரமாக இருந்தால் மெஷின் இறங்காது, சக்கரம் புதையும். தரை இறுக எத்தனை நாளாகும் என்று அப்பாவுக்குத் தெரியும். அத்தனை நாளும் நீங்கள் பட்டறையில் இருக்கலாம். மறுபடி கேட்கும்போது, பயன்படாத லீவைத் திருப்பிக் கொடுத்தவர் என்ற நினைப்பு மாஸ்டருக்கு இருக்கும்.

ஒன்று மட்டும் வேறு கணக்கு. காற்றிலும் மழையிலும் கதிர் சாய்ந்துவிட்டால் காத்திருக்க நேரமில்லை. மணி சேற்றில் பட்டுக் கிடந்தால் முளைக்க ஆரம்பிக்கும். சாய்ந்த கதிரை மெஷின் மெதுவாகத்தான் அறுக்கும், நிறைய விட்டும் போகும். சில இடங்களில் கையால்தான் அறுக்க வேண்டும். அப்போது ஒரு நாள் வேலை மூன்று நாளாகும். 'கதிர் சாஞ்சிருச்சு மாஸ்டர், கையறுப்பு, மூணு நாள் ஆகும்' என்று நேராகச் சொல்லுங்கள். ஒரு போட்டோவும் அனுப்புங்கள்.

மாஸ்டர் முடியாதுன்னுட்டார். என்ன பண்ணலாம்?

எதனால் முடியாது என்று கேளுங்கள். பல நேரம் 'முடியாது' என்பது அந்த வாரத்தில் இருக்கும் ஏதோ ஒரு வேலையைப் பற்றியது. வாக்குக் கொடுத்த வண்டி ஒன்று இருக்கும், அல்லது இன்னொரு ஆள் ஏற்கெனவே லீவு சொல்லியிருப்பார். காரணம் தெரிந்தால் அதற்குத் தகுந்த மாதிரி பேசலாம். அந்த வண்டியை அதற்கு முந்தின இரண்டு நாள் ராத்திரி இருந்து முடித்துக் கொடுக்கிறேன் என்று சொல்லலாம். அறுக்கிற நாளை மட்டும் எடுத்துக்கொண்டு, காயவைக்கிற நாட்களுக்கு உறவில் வேறு ஆள் பார்க்கலாம்.

எதுவும் நடக்கவில்லை என்றால், அறுக்கிற ஒரு நாளைப் போய்த்தான் ஆக வேண்டும் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போங்கள் என்பதுதான் என் கருத்து. பழுத்த கதிர் நிற்காது, மணி உதிர ஆரம்பித்துவிடும். ஆனால் காயவைக்கிற நாட்களுக்கு அதே வேகத்தைக் காட்டாதீர்கள். அங்கே மாற்று ஆள் கிடைக்கும்.

வராத நாளுக்கு உதவித்தொகை கேக்கலாமா? வருகை நாள் குறைஞ்சா சான்றிதழுக்குப் பிரச்சனை வருமா?

இரண்டுக்கும் பதில் நீங்கள் கையெழுத்துப் போட்ட பயிற்சி ஒப்பந்தத்தில் இருக்கிறது. அதில் எத்தனை நாள் விடுப்பு, வராத நாளுக்குப் பிடித்தம் உண்டா, குறைந்தபட்ச வருகை எவ்வளவு என்று பாருங்கள். அறுவடை ஆண்டுக்கு இரண்டு தடவை வருகிற வீடு என்றால், இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்ட பிறகு நாள் கேளுங்கள். முதல் அறுவடையிலேயே விடுப்பைத் தீர்த்துவிட்டு இரண்டாவதுக்கு முழிக்கிறவர்கள் நிறைய.

ஒப்பந்தமே இல்லாமல் வாய்ப்பேச்சில் சேர்ந்திருந்தால், லீவு கேட்கும்போதே இதையும் பேசி முடித்துவிடுங்கள். சம்பள நாளன்று பேசினால் சங்கடம்.

நான் இல்லாத நாள்ல வால்வு டைமிங் சொல்லிக் கொடுத்துட்டாங்க. மாஸ்டரை மறுபடி கேட்டா திட்டுவாரோ?

முதலில் உடன் கற்பவரிடம் கேளுங்கள், அவர் பார்த்ததைச் சொல்லட்டும். அப்புறம் மாஸ்டரிடம் 'சொல்லிக் கொடுங்க' என்று பொதுவாகக் கேட்காமல், குறிப்பாகக் கேளுங்கள். 'பிஸ்டன் மேல வந்து மேக்னட் குறி நேரா நிக்கும்போது, கேம் பல்சக்கரக் குறி எங்க நிக்கணும்னு மட்டும் ஒரு தடவை காட்டுங்க மாஸ்டர்' என்றால் நிமிடத்தில் காட்டுவார். அடுத்த வண்டி வரும்போது உங்கள் கையால் செய்து, ஸ்டார்ட் போடுவதற்கு முன்னால், ஸ்பேனரால் கையாலேயே இரண்டு முழுச் சுற்றுச் சுற்றிக் காட்டுங்கள். எங்கேயும் இடிக்காமல் சுற்றி, குறிகள் மறுபடி நேராக வந்தால் சரி.

முன்கூட்டியே நாள் சொல்லியிருந்தால் இன்னொரு வசதியும் உண்டு. இப்படிப்பட்ட வேலையை அந்த வாரத்துக்கு வைக்க வேண்டாம் என்று மாஸ்டரிடம் கேட்கலாம். எல்லா வண்டியையும் தள்ளி வைக்க முடியாது, ஆனால் கேட்டவனுக்காக முயற்சி செய்வார்.

எனக்குப் பேசத் தயக்கமா இருக்கு. அப்பாவை விட்டுப் பேசச் சொல்லலாமா?

முதல் தடவை நீங்களே பேசுங்கள். அப்பா பேசினால் மாஸ்டர் மரியாதைக்காகச் சரி என்று சொல்லிவிடுவார், மனதுக்குள் இருக்கும் சங்கடத்தைச் சொல்லமாட்டார். அது அப்புறம் உங்கள் மேல் இறங்கும். நீங்கள் பேசிய பிறகு அப்பா ஒரு வார்த்தை 'பையன் சொன்னான்ல, அந்தத் தேதிதான்' என்று போனில் உறுதி செய்தால் நல்லது. ரொம்பச் சின்ன வயதுப் பிள்ளை என்றால் அப்பாவோ அம்மாவோ கூட வந்து நிற்கட்டும், பேச்சு பிள்ளையுடையதாக இருக்கட்டும்.

எங்க பட்டறையில ரெண்டு பேருக்கும் வயல் இருக்கு. ரெண்டு பேருக்கும் ஒரே வாரம் அறுப்பு வருது.

மாஸ்டரிடம் போவதற்கு முன்னால் நீங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசுங்கள். பூத்த தேதியை ஒப்பிட்டால் யாருக்கு முதலில் வரும் என்று தெரிந்துவிடும். அறுக்கிற நாள் ஒன்றாக விழுந்தால் மட்டும்தான் உண்மையான சிக்கல். காயவைக்கிற நாட்களில் ஒருவர் காலையிலும் ஒருவர் மதியத்துக்கு மேலும் பட்டறையில் இருக்கிற மாதிரி மாற்றிக்கொள்ளலாம். இரண்டு பேரும் தனித்தனியாகப் போய்க் கேட்டால் இரண்டாவதாகக் கேட்டவருக்குத்தான் 'முடியாது' விழும். சேர்ந்து ஒரு ஏற்பாட்டோடு போனால் மாஸ்டருக்கு யோசிக்க வேண்டிய வேலையே பாதி குறையும்.

சொல்லாமலே போய்ட்டேன், மூணு நாள் ஆச்சு. மாஸ்டர் கூப்பிட்ட போனையும் நான் எடுக்கலை. இப்ப என்ன பண்றது?

இன்றைக்கே கூப்பிடுங்கள். களத்தில் நின்றுகொண்டே கூப்பிடலாம். 'சொல்லாம வந்தது தப்பு மாஸ்டர். அறுப்பு. இன்னும் ரெண்டு நாள் காயவைக்கிற வேலை இருக்கு. வெள்ளிக்கிழமை காலையில வந்துருவேன். அந்தக் கறுப்பு வண்டியோட போல்ட் எல்லாம் மேஜைக்குக் கீழ நீல டப்பாவில இருக்கு.' மன்னிப்பைவிடக் கடைசி வரிக்குத்தான் அந்த நேரத்தில் மதிப்பு. மூன்று நாளாக அந்த டப்பாவைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

திட்டினால் கேட்டுக்கொள்ளுங்கள், நடுவில் காரணம் சொல்லாதீர்கள். வெள்ளிக்கிழமை என்று சொன்னால் வெள்ளிக்கிழமை வந்து நில்லுங்கள். சொன்ன நாளும் தவறினால் அதற்கப்புறம் பேச எதுவும் இருக்காது.

அறுப்பு முடிஞ்ச மறுநாளே வேலைக்கு வந்துட்டேன். தூக்கமே இல்லை. இதையும் மாஸ்டர்கிட்ட சொல்லணுமா?

சொல்ல வேண்டும். நெல் களத்தில் கிடக்கும் ராத்திரிகளில் காவல், மழை பயம் என்று தூக்கம் கெட்டிருக்கும். அந்த நிலையில் கிரைண்டர் பிடிப்பதும், ஓடுகிற இன்ஜின் பக்கத்தில் கை வைப்பதும் ஆபத்து. பிரேக் வேலையும் அன்று வேண்டாம். ஒரு நட்டை முறுக்க மறந்தால் அது உங்கள் கையோடு முடிகிற விஷயம் இல்லை, ரோட்டில் போகிற ஒருவரின் உயிர்.

'ராத்திரி தூக்கமில்லை மாஸ்டர், இன்னைக்கு வாட்டர் வாஷ், ஆயில் சர்வீஸ் கொடுங்க' என்று கேட்டால் எந்த மாஸ்டரும் தப்பாக நினைக்கமாட்டார். அன்று நீங்கள் செய்த வேலையை வேறொருவரை விட்டு ஒரு தடவை சரிபார்க்கச் சொல்லுங்கள்.

நான் பட்டறை வச்சிருக்கேன். பையன் நல்லா வேலை செய்றான், ஆனா ஒவ்வொரு அறுப்புக்கும் காணாம போறான். எப்படிச் சமாளிக்கிறது?

நீங்களே முதலில் கேட்டுவிடுங்கள், அண்ணே. சேரும் அன்றே 'வீட்ல வயல் இருக்கா, என்ன பயிர், எப்ப அறுப்பு' என்று கேட்டுச் சுவர்க் காலண்டரில் அந்த வாரங்களை வட்டம் போட்டு வைத்தால், பையனுக்கு மறைக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போகும். வட்டம் நெருங்கும்போது 'நெல்லு பூத்துருச்சா' என்று நீங்களே ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்டால் திட்டுவார் என்ற பயத்தில்தான் பெரும்பாலான பிள்ளைகள் சொல்லாமல் போகிறார்கள்.

அந்த வாரத்துக்கு அவனுக்கு அன்றன்றைக்கே முடிகிற வேலைகளை மட்டும் கொடுங்கள். இன்ஜின் பிரிக்கிற வேலை வந்தால் வேறு ஆளிடம் கொடுங்கள், அல்லது வண்டிக்காரரிடம் ஒரு வாரம் தள்ளி நாள் சொல்லுங்கள். ஒப்படைக்கிற சீட்டை, மேலே சொன்ன முறையில், அவன் கிளம்புவதற்கு முன் நீங்கள் ஒரு தடவை வாங்கிப் படித்துவிடுங்கள். 'இன்னும் பார்க்கலை' என்ற வரி அதில் இல்லை என்றால், கிளம்பவிடாமல் பிடித்து நிறுத்தி அதைக் கேளுங்கள்.